ஒரு முழு ஆல்பம்

"நான் கல்யாணப் புகைப்படக்காரர். இன்ஸ்டாகிராமில் நல்ல படங்கள் போடுகிறேன். விசாரிக்கிறார்கள், முன்பணம் தருவதில்லை. ஏன்?"

பெண்ணின் அப்பா தேடுவது அழகான 10 படங்களை அல்ல. மண்டபத்து மஞ்சள் விளக்கில், உறவினர் கூட்டம் மணவறையை மறைத்து நிற்கும்போது, தாலி முடிச்சு படத்தில் விழுந்ததா என்றுதான் பார்ப்பார். ஆகவே மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். பாட்டிகளின் முகம் இருளில் இருந்தால் அந்த ஆல்பம் வேண்டாம்.

வீடியோ 30 விநாடி போதும். நாதஸ்வர ஒலியை நீக்காமல், 3 நாளுக்குள் மணமக்களுக்கு அனுப்புங்கள். கல்யாணப் பேச்சு ஓய்வதற்குள் அது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிடும்.

பரிந்துரைக்குக் கமிஷன் கொடுப்பதை நான் நம்புவதில்லை. மணமக்களின் சம்மதத்தோடு, ஒப்பனைக் கலைஞருக்கு அவர் வேலை தெரியும்படி அருகிலிருந்து எடுத்த 4 படங்களை அனுப்புங்கள். அடுத்த மணப்பெண்ணிடம் அவர் காட்டப்போவது உங்கள் படத்தைத்தான்.