தனித்தனிப் போட்டோக்களிலிருந்து தஞ்சாவூர் ஓவிய பாணியில் கல்யாணப் பத்திரிகைப் படம்

கேள்வி: மாப்பிள்ளை அனுப்பியது செல்ஃபி, பெண்ணுடையது ஸ்டுடியோ படம். தஞ்சாவூர் ஓவியம் மாதிரி இருவரையும் சேர்த்து வரைந்தால் ஒட்டவைத்தது போல் தெரிகிறது. ஏன்?

பதில்: முதல் காரணம் அந்த செல்ஃபிதான். கைநீளத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி, கண்மட்டத்தில் வேறொருவர் எடுத்த படத்தைக் கேளுங்கள். பிறகு புருவம் முதல் தாடை வரை அளந்து இரு முகங்களையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். உயர வித்தியாசத்தைத் தோள்மட்டத்தில் காட்டினால் போதும்.

அடுத்தது வெளிச்சம். ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் விழுந்தால் படத்தைத் திருப்பிப் போடத் தோன்றும். செய்யாதீர்கள்: இடத்தோள் முந்தானை வலத்தோளுக்குப் போகும், மூக்குத்தியும் மச்சமும் பக்கம் மாறும், பாட்டி முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார். இந்தப் பாணிக்குப் போட்டோ நிழலே தேவையில்லை. கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முகத்தின் ஓரங்களில் மெல்லிய நிழல் கொடுங்கள்.

சாயல் போகாமலிருக்க, கண்களுக்கு இடையிலான தூரம், மூக்குக்கும் உதட்டுக்கும் உள்ள இடைவெளி, தாடைக்கோடு மூன்றையும் மாற்றாதீர்கள். கண்ணைச் சற்றே பெரிதாக்கலாம். நகை, பட்டு, மாலை உங்கள் கற்பனைக்கு.

தங்க நிறம் திரையில் மின்னினாலும் சாதாரண அச்சில் மங்கிய பழுப்பாகத்தான் வரும். நிஜ மினுமினுப்பு வேண்டுமென்றால் ஃபாயில் என்னும் மின்னும் தங்கத்தாளை ஒட்டவேண்டும்; அது வரும் பகுதியைத் தனி லேயரில் முழுக் கறுப்பாக வைத்து அச்சகத்துக்குக் கொடுங்கள். முடியளவு கோடுகளில் ஃபாயில் விட்டுவிட்டு ஒட்டும். ஆகவே பார்டரையும் நகையையும் சற்றுத் தடிமனாக வரையுங்கள்.