மேனேஜர் நடத்தும் பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலானவை 15 ஆண்டில் ஏன் சந்தைக் குறியீட்டுக்குப் பின்னால் நிற்கின்றன? கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: நாள் முழுக்க சந்தையையே பார்க்கிற மேனேஜர்கள் எப்படி அண்ணே தோற்பார்கள்?

திறமை இல்லாமல் இல்லை, தம்பி. ஒருவர் விற்பதைத்தான் இன்னொருவர் வாங்குகிறார். ஒருவருக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் மற்றவருக்குக் குறைகிறது. எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அது சந்தையின் வருமானம்தான். செலவைக் கழித்தால் அதற்கும் கீழே. 1991-ல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் போட்டுக் காட்டிய கணக்கு இது.

சந்தை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது, உங்களிடம் 10,000 வெள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஃபண்டில் நுழைவுக் கட்டணம் 5 சதவீதம் போனால் 9,500. ஆண்டுக் கட்டணமும் பங்கு வாங்கி விற்கும் செலவும் 1.8 சதவீதம் தின்றால், 15 ஆண்டில் சுமார் 20,300 வெள்ளி. குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைத்து, ஆண்டுக்கு அரை சதவீதம் மட்டும் எடுக்கும் குறியீட்டு ஃபண்டில் சுமார் 25,700. இந்த இடைவெளியை மேனேஜர் ஒவ்வோர் ஆண்டும் தன் திறமையால் அடைக்க வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகி: என் ஃபண்டு மலேசியப் பங்குச் சந்தைக் குறியீடான கேஎல்சிஐ-யை முந்திவிட்டது என்று ஃபேக்ட் ஷீட்டிலேயே இருக்கிறதே. அப்போ இது ஜெயிக்கிற ஃபண்டு என்று என் ஏஜெண்ட் சொன்னது சரிதானே?

பாதி சரி, அக்கா. எந்தக் குறியீட்டோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். சாதாரண கேஎல்சிஐ எண்ணில் டிவிடெண்ட் சேராது. உங்கள் ஃபண்டு வாங்கும் டிவிடெண்டோ அதன் வருமானத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சந்தையில் அது ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேலேயே போகும் என்பதால், தோற்ற ஃபண்டும் ஜெயித்த மாதிரி தெரியும். டிவிடெண்ட் சேர்த்த குறியீட்டைக் கேளுங்கள். நீங்கள் கட்டிய நுழைவுக் கட்டணமும் ஃபேக்ட் ஷீட்டின் வரைபடக் கோட்டில் பெரும்பாலும் கழிக்கப்பட்டிருக்காது.

கிள்ளான் வாசகர்: நான் அமானா சஹாம் மலேசியாவில் போட்டிருக்கிறேன். அதுவும் இப்படித்தானா?

அது வேறு, ஐயா. அங்கே யூனிட் விலை 1 வெள்ளியில் நிற்கும், சந்தையோடு ஏறி இறங்காது. நான் பேசுவது விலை மாறும் பங்கு ஃபண்டுகளை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர், முன்னாள் ஏஜெண்ட்: சிறு நிறுவன ஃபண்டுகள் சில நல்லா ஓடியிருக்கே. அதை ஏன் சொல்லவில்லை?

நியாயமான கேள்வி. விதிவிலக்கை நானும் அங்கேதான் தேடுவேன். கேஎல்சிஐ-யில் இருக்கும் பெரிய 30 நிறுவனங்களை ஆய்வாளர்கள் பலர் அலசுகிறார்கள். சிறியவற்றில் பலவற்றை ஓரிருவர்கூடப் பார்ப்பதில்லை. உழைப்புக்கு அங்கே இடமுண்டு. ஆனால் பணம் குவிந்தால் மேனேஜர் வாங்கும்போதே விலை ஏறிவிடும். கட்டணம் குறைவாக இருந்து, ஓரளவுக்குமேல் புதுப் பணம் வாங்காமல் கதவைச் சாத்தும் ஃபண்டு என்றால் நம்பிப் பார்க்கலாம். அதையும் சிறு நிறுவனக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள், கேஎல்சிஐ-யோடு அல்ல.

இன்னொன்று: மோசமாக ஓடியவற்றை மூடியோ இணைத்தோ விடுவதால், இன்று பட்டியலில் இருப்பவை தப்பியவை மட்டுமே.

அதே வாசகர்: அப்படி 15 வருஷம் ஜெயித்தால் அது திறமைதானே?

உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு 2 சதவீதம் முந்துகிறது, அந்த வித்தியாசம் 6 சதவீத அளவில் ஆடுகிறது என்றால், அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு நம்பிச் சொல்ல 36 ஆண்டுக் கணக்கு வேண்டும். அதற்குள் மேனேஜரே மாறியிருப்பார்.