கடிதத்தில் வந்த மூலை, பட்டறையில் வெட்டாத மூலை: வணிகக் கடித மொழிபெயர்ப்பு, கேள்வி–பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வெளியூர், வெளிநாட்டுக் கடிதங்களை மெஷினில் போட்டுத் தமிழாக்கிப் படிக்கிறவர்களின் குழப்பம். வழக்கம்போல் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பாதீர்கள், மூலக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மூலம் இல்லாமல் வந்த நாலைந்து கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன்.

"தோராயமாக எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். ‘பந்து மைதான எண் தரவும்’ என்று வந்திருக்கிறது. என்ன எண் இது?" – கொட்டான் பின்னி விற்பவர், காரைக்குடி

‘பால்பார்க் ஃபிகர்.’ குத்துமதிப்பாக ஒரு தொகை கேட்கிறார், கொடுங்கள். இந்த மாதிரிப் பிழையால் ஆபத்து இல்லை. படித்ததும் சிரிப்பு வரும், யாரிடமாவது கேட்டுவிடுவீர்கள்.

"எங்கள் பழைய வீட்டில் நாலு அறையை விருந்தினருக்கு விடுகிறோம். ‘பானங்கள் வீட்டின் மேலேயா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், மொட்டை மாடியில் தருகிறோம் என்றோம். கிளம்பும்போது பில்லைப் பார்த்துச் சண்டை." – கானாடுகாத்தான்

அவர் எழுதியது ‘ஆன் தி ஹவுஸ்’. இலவசமா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஆமாம் என்றீர்கள். பில்லைக் கிழித்துப் போடுவதுதான் நியாயம்.

உங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மாடி வைத்த வீட்டுக்காரரிடம் ‘வீட்டின் மேலே’ என்றால் மாடிதான் நினைவுக்கு வரும். பந்து மைதானம் உளறல் என்று பார்த்ததும் தெரிகிறது. இதுவோ உங்கள் தொழிலுக்குப் பொருந்துகிற மாதிரியே வந்து நிற்கிறது. பயப்பட வேண்டியது இந்த வகைக்குத்தான்.

"ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்நூறு சதுர அடி ஆர்டர், பார்டருடன். நடுவில் வந்த கடிதத்தில் ‘தேதிக்குள் முடிப்பதற்காக பார்டர் கற்களில் மூலைகளை வெட்ட வேண்டாம்’ என்று இருந்தது. வெட்டவில்லை. இப்போது சரக்கு சரியில்லை என்கிறார். மெஷின் தமிழை மறுபடி இங்கிலீஷாக்கிப் பார்த்தேன், அவர் எழுதியது அப்படியே வந்தது. தப்பு அவருடையதுதானே?"

இல்லை அண்ணே. மூலத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ‘கட் கார்னர்ஸ்’ என்றால் நேரமோ காசோ மிச்சம் பிடிக்க வேலையில் குறை வைப்பது. தேதி நெருங்குகிறது என்பதற்காக அரைகுறையாகச் செய்துவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்? அறை மூலையில் பார்டர் திரும்புகிற இடத்துக்குச் சாய்வாக வெட்டிக் கொடுக்க வேண்டிய கற்களை வெட்டாமல் முழுக்கல்லாக அனுப்பினீர்கள். அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே சொல்கிறீர்கள்: தேதியைப் பிடிப்பதற்காகக் கல் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டிய நாளில் இரண்டைக் குறைத்தீர்கள். அதாவது எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்திருக்கிறீர்கள். சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீரும் நாளும் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊறாத கல்லின் மேல்பூச்சு சீக்கிரம் தேயும், ஓரம் உதிரும். அவர் அனுப்பிய படத்தில் தெரிவதும் அதுதான்.

இனி அந்தத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் சோதனை. இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. சொல்லுக்குச் சொல் போன மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல்லாகவே திரும்பி வரும். ‘கார்னர்ஸ்’ மூலையானது, மூலை மறுபடி ‘கார்னர்ஸ்’ ஆனது. இங்கிலீஷில் அது மரபுத்தொடர் என்பதால் திரும்பி வந்ததும் முழுப் பொருளோடு அழகாக நிற்கிறது. பொருள் தொலைந்தது தமிழில், நீங்கள் தேடியது இங்கிலீஷில். மெஷின் நல்ல தமிழில் ‘வேலையில் குறை வைக்காதீர்கள்’ என்று கொடுத்திருந்தால், திரும்பும்போது வேறு சொற்களில் வந்திருக்கும், நீங்கள் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பீர்கள்! மரபுத்தொடர் விஷயத்தில் இந்தச் சோதனை தப்பைப் பாஸ் போட்டு, சரியை ஃபெயில் ஆக்கும்.

வேறு என்ன செய்வது? முதலில் ஆர்டர் தாளை எடுங்கள். மூலை வெட்டுவது பற்றி அதில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது, சாய்வாக வெட்டித் தர வேண்டும் என்று. கடிதம் அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. பணமோ அளவோ மாறாமல், காரணமும் சொல்லாமல் ஒருவர் ஆர்டரை மாற்றுகிறார் என்றால் முதலில் மொழிபெயர்ப்பைச் சந்தேகப்படுங்கள். வாக்கியத்துக்குள்ளேயே இன்னொரு துப்பு இருந்தது. ‘தேதிக்குள் முடிப்பதற்காக’ என்கிறார். நாலு மூலைக் கல்லை வெட்டாமல் விட்டால் எத்தனை நாள் மிச்சமாகும்? அரை நாள்கூட ஆகாது. சொன்ன காரணமும் சொன்ன வேலையும் ஒட்டவில்லை என்றால் அங்கே ஏதோ தொலைந்திருக்கிறது.

அடுத்தது, செய்யப்போவதை உங்கள் வார்த்தையில் எழுதிச் சம்மதம் கேளுங்கள்: "பார்டரை முழுக்கல்லாக அனுப்புகிறோம், மூலைக்கு வெட்டிய கல் வராது. தேதிக்காக ஊறும் நாளில் இரண்டைக் குறைக்கிறோம். சரியா?" இந்த மூன்று வாக்கியத்தில் மெஷின் தடுமாற ஒன்றுமில்லை. அவர் அலறியடித்துக்கொண்டு அன்றைக்கே பதில் போட்டிருப்பார். எல்லா வரிக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பணம், தேதி, தரம், திருப்பி எடுப்பது ஆகியவற்றைத் தொடும் வரிகளுக்குச் செய்தால் போதும்.

"கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைக்கச் சொன்னார்கள். ‘இந்த விலை கையைக் கடிக்கும்’ என்று எழுதி மெஷினில் மாற்றி அனுப்பினேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை." – மனோலம், சீப்புச் சீடை செய்பவர், தேவகோட்டை

ஆச்சி, இங்கிலீஷில் சோறு போட்ட கையைக் கடிப்பது என்று ஒரு வழக்கு உண்டு, நன்றி கெட்டவர் என்று பொருள். அவர் எதை நினைத்துக்கொண்டாரோ! "இந்த விலைக்கு விற்றால் எனக்கு நஷ்டம். பதினைந்து ரூபாய் வரை குறைக்கலாம்" என்று மறுபடி எழுதுங்கள். மெஷினுக்குக் கொடுக்கும் தமிழில் கை, வாய், வயிறு, கழுத்து வந்தால் ஒரு தடவை நின்று பாருங்கள். நம் வியாபாரப் பேச்சில் பாதி உடம்பு உறுப்புதான். ‘பார்சல்காரர் கையை விரித்துவிட்டார்’ என்பது அங்கே போய் இரு கை நீட்டி வரவேற்றதாகவும் ஆகலாம்.

"விலை உயர்வு ‘மேசையில் வைக்கப்பட்டது’ என்று கண்டாங்கிச் சேலை வாங்குபவர் எழுதுகிறார். கிடைக்குமா, கிடைக்காதா?"

அவர் எந்த ஊர் என்று எழுதவில்லையே! ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. லண்டன் என்றால் காத்திருங்கள், நியூயார்க் என்றால் எந்த மாதம் மறுபடி எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

"இப்போது வரும் மெஷின்கள் மரபுத்தொடரைச் சரியாகவே போடுகின்றனவே?"

பிரபலமானவற்றைப் போடுகின்றன. நேர்ப்பொருளும் பொருந்துகிற இடத்தில் ஊகிக்கின்றன. சந்தேகமான வரியைத் தனியாக ஒரு தடவை, முழுப் பத்தியோடு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் உஷாராகிவிடுங்கள். ஒன்றாகவே வந்தால் சரி என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

"இப்படிப்பட்ட தொடர்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டா?"

இல்லை.

"பையன் இங்கிலீஷ் மீடியம். அவனைச் சரிபார்க்கச் சொன்னால் போதாதா?"

போதும், ஆனால் மூலத்தை முதலில் காட்டாதீர்கள். அதைப் படித்துவிட்டால் பொருள் மனதில் உட்கார்ந்துவிடும், தமிழில் உள்ள ஓட்டை கண்ணில் படாது. தமிழை மட்டும் கொடுத்து, "இதில் நம்மை என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவன் பதில் சொன்ன பிறகு மூலத்தைக் கொடுங்கள்.