மார்ச் 31-இல் போன பணம், ஏப்ரல் 2-இல் வந்த ரசீது

கேள்வி: ஐயா, 2025 மார்ச் 31 இரவு ஓர் இணையதளம் வழியாக ஓர் அறக்கட்டளைக்கு 20,000 ரூபாய் நன்கொடை கொடுத்தேன். யுபிஐயில் 20,600 ரூபாய் போயிருக்கிறது. பாஸ்புக்கில் அறக்கட்டளை பெயரே இல்லை, ஏதோ பேமென்ட் கம்பெனி பெயர்தான் இருக்கிறது. ரசீதில் 20,000 ரூபாய், ஏப்ரல் 2 தேதி; என் பான் எண் இல்லை. பழைய வரிமுறையில்தான் இருக்கிறேன். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிக் கழிவை எந்த ஆண்டில் கேட்பது?

பதில்: முதலில் அந்த 600 ரூபாயை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே டிக் ஆகியிருக்கும் 'டிப்'. அது இணையதளக் கம்பெனிக்குப் போகிற பணம்; அறக்கட்டளைக்குப் போகவில்லை. கழிவு 20,000 ரூபாய்க்குத்தான்.

பாஸ்புக்கில் வேறு பெயர் இருப்பது பெரிய சிக்கல் இல்லை. யுபிஐயில் பணம் பேமென்ட் கேட்வே கணக்குக்குப் போய், அங்கிருந்து ஒன்றிரண்டு வேலை நாளில் அறக்கட்டளைக்குப் போய்ச் சேரும். இரண்டையும் இணைப்பது பெயர் அல்ல, எண். உங்கள் யுபிஐ ஆப்பில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். இணையதளம் அனுப்பிய மெயிலில் ஆர்டர் எண்ணும், 20,000 + 600 என்ற பிரிவும் இருக்கும். இந்த மூன்றையும் ரசீதோடு ஒரே கோப்பில் வையுங்கள். ரசீதிலேயே அந்தப் பரிவர்த்தனை எண்ணைப் போட்டுத் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

சிக்கல் தேதியில்தான். எந்த நிதியாண்டில் பணம் கொடுத்தீர்களோ அந்த ஆண்டில்தான் கழிவு. உங்கள் கணக்கிலிருந்து மார்ச் 31 போனது. அறக்கட்டளையின் கணக்கில் ஏப்ரல் 2 விழுந்தது. இடையில் நின்ற இணையதளம் யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. 'அறக்கட்டளையின் சார்பில் வசூலிக்கிறோம்' என்று அவர்களுடைய விதிமுறைகளில் இருந்தால், அவர்களிடம் கொடுத்ததே அறக்கட்டளையிடம் கொடுத்ததுதான். மார்ச் 31 என்று நீங்கள் வாதாடலாம். 'நன்கொடையாளர் சார்பில் பணத்தைக் கொண்டு சேர்க்கிறோம்' என்ற மாதிரி இருந்தால் உங்கள் வாதம் இளைத்துவிடும்.

ஆனால் நடைமுறையில் வாதத்துக்கு முன்னால் வருவது படிவம். அறக்கட்டளை அந்த ஆண்டு வாங்கிய நன்கொடைகளை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து உங்கள் பெயருக்கு 10பிஇ சான்றிதழ் வரும். நீங்கள் கேட்கும் கழிவை இந்தத் தகவலோடு ஒப்பிட்டுத்தான் துறை ஏற்கிறது. கையில் இருக்கும் ரசீது எவ்வளவு அழகாக இருந்தாலும், 10பிஇ இல்லாமல் அது பாதிச் சான்றுதான்.

அதனால் இப்போதே அறக்கட்டளைக்கு ஒரு மெயில் போடுங்கள். பணம் கழிந்த தேதி, 12 இலக்க எண், உங்கள் பான் எண், பான் கார்டில் உள்ளபடி பெயர், முகவரி எல்லாம் கொடுத்து, இந்த நன்கொடையை எந்த நிதியாண்டில் காட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2024-25-இல் சேர்க்க ஒப்புக்கொண்டால், 10பிடியைத் திருத்தித் தாக்கல் செய்து புது 10பிஇ தர முடியும். பான் விடுபட்டிருந்தாலும் அதே வழிதான். ரசீதில் கையால் எழுதிச் சேர்ப்பதால் துறையின் பதிவில் ஒன்றும் மாறாது.

திருத்திய ரசீது வந்ததும் இவற்றைச் சரிபாருங்கள்: அறக்கட்டளையின் பெயர், முகவரி, பான், 80ஜி பதிவு எண், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பது, உங்கள் பெயர், பான், தொகை, தேதி, கொடுத்த விதம். '12ஏ பதிவு உண்டு' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது அறக்கட்டளையின் சொந்த வரிவிலக்குக்கானது; உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

அவர்கள் ஏப்ரல் 2-ஐ மாற்ற மறுத்தால்? நான் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். பொதுவாக அறக்கட்டளை நன்கொடையில் 50 சதவீதம், அதாவது 10,000 ரூபாய்தான் கழியும். அதற்கும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், செஸ் சேர்த்து மிச்சம் 2,080 ரூபாய். இதற்காக நோட்டீஸ் வாங்கிப் பதில் எழுதுவது கட்டுபடியாகாது. 2025-26-க்கான 10பிஇ வந்ததும் அந்த ஆண்டு ரிட்டர்னில் கேளுங்கள். ஆனால் அந்த ஆண்டும் பழைய வரிமுறையிலேயே இருக்க வேண்டும். புதிய முறைக்கு மாறினால் 80ஜி கிடையாது. ஒரே தொகையை இரண்டு ஆண்டிலும் கேட்டுவிடாதீர்கள்.

2024-25-க்கே 10பிஇ தாமதமாக வந்தால், அதற்காக ரிட்டர்னை நிறுத்தி வைக்க வேண்டாம். கழிவு இல்லாமல் உரிய தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். சான்றிதழ் வந்ததும், அதில் உள்ள ஒப்புகை எண்ணைப் போட்டு 2025 டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம்.