கீரைப் பாத்தி நத்தைகளும் ஒரு பத்து ரூபாய் நாணயமும்

கேள்வி: ஐயா, வணக்கம். மாதவரம் பக்கம் குத்தகை நிலத்தில் சிறுகீரை, தண்டுக்கீரை போடுகிறேன். மழை விட்டதிலிருந்து நத்தைத் தொல்லை தாங்க முடியவில்லை. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் கையில் வைத்திருப்பது பெரியது. இரண்டாவதில் இலை மேல் இருப்பது வேறு இனமா, அதன் குஞ்சா? மூன்றாவது படம் மண்ணைக் கிளறும்போது கிடைத்த முட்டைகள். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? மருந்துக் கடையில் நத்தைக் குருணை வாங்கிப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: வணக்கம். முதலில் கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். படத்தில் நீங்கள் வெறுங்கையில் ஏந்தியிருப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் இந்த நத்தையின் உடலில் தங்கும். அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரக்கூடும். தொட்ட கையோடு சாப்பிடுவதும், வரப்பில் விளையாடும் பிள்ளைகள் இதை எடுப்பதும் கூடாது. இனி நத்தையைப் பிடிக்கும்போது கையுறை போடுங்கள், இல்லையென்றால் ஒரு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அந்த முதல் படம் அளவு சொல்லும் வேலையை ஓரளவு செய்துவிட்டது. நத்தையின் ஓடு உங்கள் நான்கு விரல்களின் அகலத்துக்கு நீண்டிருக்கிறது. வளர்ந்தவர்களின் கையில் அந்த அகலம் ஆறரை சென்டிமீட்டரிலிருந்து எட்டரை வரை இருக்கலாம். எதுவாக இருந்தாலும் முடிவு மாறாது, இது முட்டையிடும் பருவத்து நத்தை. இவ்வளவு பெரிய நத்தை உங்கள் பாத்தியில் வேறெதுவும் இல்லை. கை ஆளுக்கு ஆள் மாறினாலும், வித்தியாசம் பெரிதாக இருக்கும் இடத்தில் அது போதும்.

இரண்டாவது படத்தில்தான் சிக்கல். திரை முழுக்க நிறைந்து ஒரு நீளமான பழுப்பு ஓடு தெரிகிறது. பக்கத்தில் எதுவும் இல்லாததால் அது ஒரு சென்டிமீட்டரா, ஐந்து சென்டிமீட்டரா என்று என்னால் சொல்ல முடியாது. இலையை வைத்து ஊகிக்கலாம் என்றால், சிறுகீரை இலையே நகத்தளவிலிருந்து உள்ளங்கை பாதி வரை எல்லா அளவிலும் இருக்கும். இரவில் பிளாஷ் போட்டு எடுத்திருப்பதால் நிறத்தையும் நம்ப முடியவில்லை.

இதில் இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று, பெருநத்தையின் குஞ்சு. மற்றொன்று, ஊசிபோல மெலிந்து நீண்ட ஒரு சிறு நத்தை. சென்னையில் பூந்தொட்டியிலும் எருக்குழியிலும் இது சாதாரணமாகக் கிடைக்கும். முழுதாக வளர்ந்தாலே ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வரும். பெரும்பாலும் மக்கிய இலைதழையைத் தின்று வாழும். நாற்று மிக இளசாக இருந்தால் கொஞ்சம் கடிக்கலாம், அதற்காக மருந்து போட வேண்டிய பூச்சி அல்ல. பெருநத்தைக் குஞ்சோ ஒரே இரவில் முளைக்கீரை வரிசையையே மொட்டையாக்கிவிடும்.

இரண்டையும் பிரிக்க அளவு மட்டும் போதாது, அளவோடு ஓட்டின் சுற்றுகளையும் எண்ண வேண்டும். நத்தை வளர வளர ஓட்டில் சுற்று கூடும். பெருநத்தை முழு வளர்ச்சியில் ஏழு முதல் ஒன்பது சுற்றுகள் வரை கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவில் உள்ள அதன் குஞ்சுக்கு நான்கு சுற்று சுமாருக்குத்தான் இருக்கும், உருவமும் குட்டையாகக் குண்டாக இருக்கும். ஊசி நத்தை அதே ஒரு சென்டிமீட்டருக்குள் ஏழு சுற்றுகளை முடித்திருக்கும், அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, ‘ஒரு சென்டிமீட்டர், நான்கு சுற்று’ என்றால் குஞ்சு. ‘ஒரு சென்டிமீட்டர், ஏழு சுற்று’ என்றால் ஊசி நத்தை. உங்கள் படத்தில் ஓட்டின் நுனி இலைக்கு அடியில் மறைந்திருப்பதால் சுற்றையும் எண்ண முடியவில்லை. எனவே இந்தப் படத்தை மட்டும் திரும்ப எடுத்து அனுப்புங்கள்.

பக்கத்தில் வைக்கப் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வேண்டாம். புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயங்களில் பழையது 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்த வரிசை ஏறத்தாழ 22, 2019-இல் வந்தது 20. படத்தில் எது என்று தெரியாமல் கணக்குப் போட்டால் நான்கில் ஒரு பங்கு பிசகிவிடும். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாயிலும் இதே குழப்பம் உண்டு. இரண்டு உலோகம் சேர்ந்த பத்து ரூபாய் நாணயம் எந்த ஆண்டில் வந்ததானாலும் குறுக்களவு 27 மில்லிமீட்டர்தான். சில கடைகளில் வாங்க மறுப்பதால் பலர் வீட்டில் இது சும்மாவே கிடக்கிறது (அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது, மறுப்பது தவறு). பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் கைக்குக் கிடைத்தால் அது இன்னும் நல்லது. விடியற்காலையில் பாத்திக்கு அளவுகோலோடு போகிறவர் யாரும் இல்லை என்பதால்தான் நாணயத்தைச் சொல்கிறேன்.

நத்தையை ஒரு குச்சியால் நகர்த்தி, டப்பா மூடி போன்ற தட்டையான ஒன்றின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நுனியும் வாயும் இரண்டும் தெரிய வேண்டும். நாணயத்தை அதே மூடியில், ஓட்டை ஒட்டி, ஆனால் தொடாமல் வையுங்கள். கைப்பேசியை நேர் மேலே பிடியுங்கள். படத்தில் நாணயம் வட்டமாகத் தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். நீள்வட்டமாகத் தெரிந்தால் சாய்ந்துவிட்டது, மறுபடி எடுங்கள்.

எல்லாரும் கைப்பேசியை மிக அருகில் கொண்டுபோய்விடுகிறார்கள். நாணயம் மூடியோடு ஒட்டிக் கிடக்கிறது, நத்தையின் ஓடோ உயர்ந்து நிற்கிறது. அதனால் ஓடு லென்ஸுக்குக் கிட்டத்தில் இருக்கும், உண்மையைவிடப் பெரிதாக விழும். ஓட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 15 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பெரிய நத்தையைப் பத்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், அது ஏறத்தாழ 18 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதையே 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் பிழை நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரு முழ உயரத்திலிருந்து எடுத்து, பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நத்தையும் நாணயமும் படத்தின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் உருவம் இழுபடும். அனுப்பும்போது அழகுக்காக ஓரங்களை வெட்டி நாணயத்தை நீக்கிவிடாதீர்கள்.

கணக்கு எளிதுதான். திரையில் நாணயத்தின் அகலத்தையும் ஓட்டின் நீளத்தையும் ஒரே அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். திரையில் நாணயம் 18 மில்லிமீட்டர், ஓடு 46 என்று வந்தால், 46-ஐ 18-ஆல் வகுத்து 27-ஆல் பெருக்குங்கள். 69 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். அதே படத்தில் பக்கத்தில் ஒரு சிறியது 8 மில்லிமீட்டர் இருந்தால் அதன் உண்மை நீளம் 12. அளக்கும்போது படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விகிதம் மாறாது.

மூன்றாவது படத்தைப் பார்த்ததும்தான் உங்களை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் அந்த முட்டைகள் நத்தையுடையவையாக இருக்கலாம், ஓணானுடையவையாகவும் இருக்கலாம். ஓணானும் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிட்டு மூடும். அது உங்கள் பாத்தியில் வெட்டுக்கிளியையும் புழுவையும் பிடித்துத் தின்கிற உதவியாளன். அதன் முட்டையை நசுக்குவது நமக்குத்தான் நட்டம். பிரித்தறிய நாணயமே போதும். பெருநத்தையின் முட்டை சுமார் ஐந்து மில்லிமீட்டர், உருண்டைக்கு நெருங்கிய வடிவம், மங்கிய மஞ்சள் கலந்த வெள்ளை. அப்படிப்பட்ட ஐந்து முட்டைகளை வரிசையாக வைத்தால் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஓணான் முட்டை நீள்வட்டம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், தோல் போன்ற உறை. இரண்டோ மூன்றோ வைத்தாலே நாணயத்தின் அகலம் நிறைந்துவிடும். குவியலில் எத்தனை இருக்கின்றன என்பதும் உதவும். பெருநத்தை ஒரு முறையில் நூற்றுக்கும் மேல் இடும், ஓணான் இருபது சுமாருக்குள் நிறுத்திக்கொள்ளும். சரிபார்த்து முடிக்கும்வரை கிளறிய மண்ணைத் திரும்ப மேலே மூடி வையுங்கள்.

நத்தை முட்டை என்று உறுதியானால், அதை எடுத்து வெந்நீரில் போட்டுவிடுங்கள். அதே பாத்தியின் ஓரங்களில், தண்ணீர் தேங்கி மண் இளகிய இடங்களில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குக் கிளறிப் பாருங்கள். இங்கும் அளவு உங்களுக்கு வழி சொல்லும். பிடித்தவை எல்லாம் ஐந்து ஆறு சென்டிமீட்டருக்கு மேல் என்றால், அவை பக்கத்துப் புதரிலிருந்தோ மதில் ஓரத்துக் குப்பையிலிருந்தோ இரவில் மேய வருகின்றன, வேலை வரப்புக்கு வெளியே. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குஞ்சுகள் ஓரிடத்தில் மொய்த்தால், குஞ்சுகள் பொரித்த இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை என்பதால், கூடு உங்கள் பாத்திக்குள்ளேயே இருக்கிறது.

குருணை பற்றிக் கேட்டீர்கள். கடையில் தருவது மெட்டால்டிஹைடு கலந்த குருணையாகத்தான் இருக்கும். நத்தைக்கு அது வேலை செய்யும், ஆனால் கீரைப் பாத்திக்குள் நான் தூவச் சொல்ல மாட்டேன். இருபது நாள் சுமாரில் அறுத்துக் கட்டி விற்கும் இலைப்பயிர் அது, இலை நடுவில் குருணை சிக்கினால் எடுக்க முடியாது. நாய்க்கும் கோழிக்கும் இது கொடிய நஞ்சு. மழை பெய்தால் கரைந்து வீணாகிவிடும். நத்தைத் தொல்லை மிகவும் முற்றினால், மழை இல்லாத மாலையில், பாத்திக்கு வெளியே மதில் ஓரத்தில், நாய் வாய் வைக்காதபடி மூடிய கூரை ஓட்டுத் துண்டுகளுக்கு அடியில் கொஞ்சமாக வைக்கலாம்.

அதற்கு முன்னால் ஈரச் சாக்கு முறையைச் செய்து பாருங்கள். கோணிச் சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ வாடிய முட்டைக்கோஸ் இலையோ பரப்பி, வரப்போரத்தில் மாலையில் விரித்துவிடுங்கள். விடிவதற்குள் நத்தைகள் அடியில் ஒண்டிக்கொள்ளும். வெயில் ஏறுவதற்கு முன் சாக்கைத் திருப்பி, கையுறையோடு பொறுக்கி, கல் உப்பைக் கெட்டியாகக் கரைத்த வாளியில் போடுங்கள். பாத்தி மண்ணில் மட்டும் உப்பைக் கொட்டாதீர்கள், கீரை எரிந்துவிடும், மண்ணும் கெட்டுவிடும். வாளியில் போடுவதற்கு முன் அன்றைக்குக் கிடைத்ததில் பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மிகச் சிறியது ஒன்று என எடுத்து, நாணயத்தோடு ஒரே படமாக அனுப்புங்கள். இரண்டாவது படத்தின் நத்தையும் கிடைத்தால் அதையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாணயத்தைத் திரும்பச் சட்டைப் பையில் போடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.