ஏசிக்கு எத்தனை சதவீதம்?

"ஏசி 1500 வாட் 8 மணி நேரம், ஃப்ரிட்ஜ் 150 வாட் 24 மணி நேரம், 75 வாட் ஃபேன் மூன்று 12 மணி நேரம், கீசர் 2000 வாட் அரை மணி. கணக்கில் 60 நாளுக்கு 1158 யூனிட், மீட்டரில் 740தான். எது எத்தனை சதவீதம்? வேளச்சேரி."

உங்கள் பெருக்கல் சரிதான், மணி நேரம்தான் இடிக்கிறது. ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். ஃப்ரிட்ஜுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மணி நேரம் வையுங்கள்: 1.2 யூனிட். ஏசி சுமார் 60 சதவீத நேரம் ஓடுவதாகக் கொண்டால் 7.2. ஃபேன்கள் 2.7, கீசர் 1. மொத்தம் ஒரு நாளைக்கு 12.1, அறுபது நாளுக்கு 726. மீதி 14 யூனிட் லைட், மிக்ஸி என்று வைக்கலாம்.

ஒவ்வொன்றையும் 12.1ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏசி 60, ஃபேன்கள் 22, ஃப்ரிட்ஜ் 10, கீசர் 8 சதவீதம். ஃப்ரிட்ஜை விட ஃபேன்கள் இரு மடங்குக்கு மேல், பாருங்கள்!

ஏசி 60 சதவீத நேரம் ஓடும் என்பது ஊகம்தான். ஒரு ராத்திரி மற்றதையெல்லாம் அணைத்து, ஏசியை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மீட்டரை முன்னும் பின்னும் குறியுங்கள். சுமார் 1.8 யூனிட் ஏறினால் ஊகம் சரி.

அப்புறம், இது யூனிட்டின் பங்கு. யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறுவதால், ஏசியைக் குறைத்தால் பில் இதைவிட அதிக விகிதத்தில் இறங்கும்.