தனியாகப் பறக்கும் பிள்ளை: யார் கையில் கொடுக்கிறோம், யார் வாங்குகிறார்கள்?

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரில் பல வருடங்கள் நின்றவன் நான். கோடை விடுமுறை வந்தால் 'பிள்ளையைத் தனியா அனுப்பலாமா' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. இந்த முறை வந்த கேள்விகளில் ஆறு.

என் மகளுக்கு 8 வயது. லீவுக்கு சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். திருச்சியில் இருந்து டிக்கெட் போடப் பார்த்தால், பெரியவர் இல்லாமல் குழந்தைக்கு மட்டும் போட முடியாது என்கிறது வெப்சைட். வயதை 12 என்று போட்டுவிடு, கவுன்டரில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா? (திருச்சி வாசகி)

செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது. கவுன்டரில் முதலில் பார்ப்பதே அதைத்தான். வயது ஒத்துப்போகாவிட்டால் போர்டிங் பாஸ் தரமாட்டார்கள், கிளம்பும் நாளில் டிக்கெட் வீணாகும்.

வெப்சைட் மறுப்பதற்குக் காரணம் உண்டு. தனியாகச் செல்லும் குழந்தையைப் பொறுப்பேற்க ஊழியர் ஒருவரை ஒதுக்க வேண்டும். அதற்காக டிக்கெட் பதிவில் UMNR என்ற குறியீட்டைச் சேர்ப்பார்கள். அதை விமான நிறுவனம் ஏற்று உறுதிசெய்ய வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை குழந்தைகளுக்குத்தான் என்று உச்சவரம்பும் உண்டு. அதனால் நிறுவனத்தின் கால் சென்டர் அல்லது அலுவலகம் வழியாகப் போவதே வழி. சீட் உறுதியாகிவிட்டது என்றால் சேவையும் உறுதியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் ஸ்கூட்டில் இந்தச் சேவை கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் உண்டு, 5 முதல் 11 வயது வரை தனியாகப் போனால் கட்டாயம். இரண்டும் ஒரே குழுமம். ஒன்றின் எண்ணில் விற்ற டிக்கெட்டில் மற்றதன் விமானம் வரலாம். ஆகவே டிக்கெட்டில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்பதைவிட, 'உண்மையில் பறப்பது யார்' என்பதைப் பாருங்கள். விதி பறக்கிறவருடையது. சென்னைக்கு வந்து நேரடி விமானம் பிடிப்பதே உங்களுக்கு உசிதம். வழியில் விமானம் மாறினால் பிள்ளை கைமாறும் இடங்கள் கூடும்.

இனி படிவம். மூன்று பேர் விவரம் கேட்பார்கள்: பெற்றோர், இங்கே கொண்டுவந்து விடுபவர், அங்கே வந்து அழைத்துப் போகிறவர். பெயர், முகவரி, கைபேசி எண். இந்தச் சேவையின் உயிரே இந்தத் தாள்தான். உங்களிடமிருந்து கவுன்டர் ஊழியர், அவரிடமிருந்து விமானப் பணிப்பெண், அவரிடமிருந்து சாங்கி ஊழியர், கடைசியில் உங்கள் தங்கை என்று ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையை வாங்கும். தங்கை அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் தாளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். நான் பணியில் இருந்தபோது ஒரு பையன் வந்திறங்கினான். தாளில் 'செல்வி' என்று இருந்தது. வந்து நின்ற அத்தையின் அட்டையில் வேறு பெயர். 'செல்வி'ன்னா வீட்டில் கூப்பிடுவது, சார் என்று அழாத குறை. பையனோ 'எங்க அத்தைதான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதை வைத்து விட முடியாது. அவன் அப்பாவைப் பிடித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தங்கையிடம் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள், இனிஷியல் உட்பட. படிவத்தில் இரண்டாவது பெயருக்கு இடம் இருந்தால் தங்கையின் கணவர் பெயரையும் சேருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், சிங்கப்பூர் விசா (இந்தியக் குடிமக்களுக்கு வேண்டும்), திரும்பும் டிக்கெட், பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், தங்கையின் அடையாள அட்டை நகல். SG Arrival Card-ஐ சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்பிவிடுங்கள். காசு கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம், அதுபோக பெரியவர் டிக்கெட் விலை என்கிறார்கள். நியாயமா? அண்ணன் தம்பி இரண்டு பேர் போனால் இரட்டிப்பா? (வேளச்சேரி)

நியாயமா என்பதை விடுங்கள், அப்படித்தான் வாங்குகிறார்கள். சேவைக் கட்டணம் ஒவ்வொரு வழிக்கும் தனி. சில இடங்களில் விமானம் மாறினால் அதற்கும் சேர்த்து. டிக்கெட் விலையிலும் குழந்தைச் சலுகை போய்விடும் நிறுவனங்கள் உண்டு. 'மொத்தம் எவ்வளவு, திரும்பி வருவதையும் சேர்த்து' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். திரும்பும் பயணத்துக்கான சேவையையும் இங்கேயே பதிந்துவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வரும் நாளில் தவித்திருக்கிறார்கள்.

உடன்பிறப்புகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. அமெரிக்க உள்நாட்டு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றும் ஒரு வழிக்கு 150 டாலர் வாங்குகின்றன. அமெரிக்கனில் சேர்ந்து போகும் உடன்பிறப்புகளுக்கு அந்த ஒரே தொகை. யுனைடெட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகை, மூன்றாவது பிள்ளை வந்தால் கூடும். கேட்காமல் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

மகனுக்கு 13. லண்டனில் பெரியப்பா. சென்னையில் இருந்து நேரே போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸில் அனுப்பலாம் என்று நினைக்கிறோம். வளர்ந்த பையன், துணை தேவையில்லை. (அண்ணாநகர் வாசகர்)

பையன் வளர்ந்தவன்தான், ஆனால் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் போதாது. 2016இல் அவர்கள் தனிச் சிறார் சேவையையே நிறுத்திவிட்டார்கள். 14 வயது முடிந்தால்தான் அங்கே தனியாகப் பறக்கலாம். காசு கொடுத்தாலும் 13 வயதுப் பையனுக்கு வழியில்லை.

இந்த வயதில்தான் குழப்பம் அதிகம். ஏர் இந்தியாவில் 12 முடிந்தவனைத் தனியாகப் போகக்கூடியவனாகக் கொள்கிறார்கள், துணை வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். அதே பையன் அமெரிக்காவில் இறங்கி, உள்ளூரில் அமெரிக்கன் விமானம் ஏறினால் 14 வயது வரை சேவை கட்டாயம். ஐரோப்பாவில் ரயன்ஏர், ஈஸிஜெட் போன்றவற்றில் 16 வயதுக்குக் கீழே தனியாக ஏற்றுவதே இல்லை. ஒரே பையன், ஒரே பயணம், நடுவில் நிறுவனம் மாறினால் பெரியவன் குழந்தையாகிவிடுகிறான்.

ஆகவே டெல்லி அல்லது மும்பை வழியாக, முழுக்க ஒரே நிறுவனத்தின் விமானங்களில் பதியுங்கள். 13 வயதுக்குத் துணை கட்டாயமில்லை என்றாலும் நான் வாங்கச் சொல்வேன். உள்நாட்டு விமானத்தில் இறங்கி, சர்வதேசப் பகுதிக்குப் போய், இமிகிரேஷன் வரிசையில் நிற்கும் அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் திகைக்கிறார்கள்.

விசாவில் ஒன்று கவனியுங்கள். பிரிட்டன் சிறார் விசா விண்ணப்பத்திலேயே பிள்ளை தனியாக வருகிறானா, யாருடனாவது வருகிறானா என்று சொல்ல வேண்டும். துணைக்கு ஒருவர் என்று சொன்னால் அவருடைய விவரம் விசாவிலேயே இடம்பெறும். அவர் இல்லாமல் போய் நின்றால் அங்கே உள்ளே விட மறுக்கலாம். போன வருடம் அம்மாவுடன் போனதற்கு எடுத்த விசா இருக்கிறது, அதிலேயே அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதை எடுத்துப் படித்துப் பார்க்கவும்.

சம்மதக் கடிதத்தில் பெரியப்பாவின் முழுப்பெயர், முகவரி, உறவு, பயணத் தேதிகள், யார் அழைத்துப் போகிறார் என்பது எல்லாம் இருக்கட்டும். நோட்டரி முத்திரை போட்டுவிடுங்கள். பெரியப்பாவும் தம் பங்குக்கு, தம் வீட்டில் தங்க வைத்துக்கொள்வதாக ஒரு கடிதம் தரட்டும்.

6 வயதுப் பேத்தி, சென்னையில் இருந்து டெல்லி. கையில் இருப்பது குழந்தையாக இருந்தபோது எடுத்த நீல ஆதார். போதுமா? (மயிலாப்பூர் தாத்தா)

பெற்றோருடன் போகும் குழந்தைக்கு உள்நாட்டு விமானத்தில் தனி அடையாளம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் பலர் இதிலும் வெறுங்கையோடு வருகிறார்கள். தனியாகப் போகும் பிள்ளைக்கு வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் கேட்பார். நீல ஆதார் 5 வயதுக்குக் கீழே, கைரேகை இல்லாமல் தருவது. 5 ஆனதும் கைரேகை, கருவிழி பதிந்து புதுப்பிக்க வேண்டும், 7 வயதுக்குள் செய்தால் இலவசம். பேத்திக்குச் செய்துவிடுங்கள். ஐயா, கைக்குழந்தைப் படத்தை வைத்து ஆறு வயதுப் பெண்ணை எப்படி அடையாளம் காண்பது? வயதைக் காட்ட பிறப்புச் சான்றிதழும் இருக்கட்டும்.

உங்களிடம் டிக்கெட் இல்லாததால் உள்ளே விடமாட்டார்கள். பார்வையாளர் சீட்டு எங்கும் எப்போதும் கிடைப்பதில்லை, சுதந்திர தினம், குடியரசு தினம் ஒட்டி நிறுத்திவிடுவார்கள். எந்த வாசலுக்கு யார் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார் என்று முன்தினமே நிறுவனத்தைக் கேட்டுவையுங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள்.

போகும்போது 11 வயது, பாட்டி வீட்டில் இருக்கும்போதே 12 பிறக்கிறது. (கோவை)

வயது ஒவ்வொரு பயண நாளிலும் கணக்கு. 11 வரை கட்டாயம் என்கிற நிறுவனமாக இருந்தால் போகும்போது சேவை, வரும்போது சாதாரண டிக்கெட். இரண்டையும் ஒரே பதிவில் போடும்போது பிறந்த தேதியைச் சுட்டிக்காட்டுங்கள். திரும்பும்போதும் துணை வேண்டுமானால் அப்போதே கேளுங்கள்.

விமானம் ரத்தானாலோ வேறு ஊரில் இறங்கினாலோ பிள்ளை என்ன ஆகும்? ஆஸ்துமா மருந்தைப் பணிப்பெண் கொடுப்பாரா? (பாளையங்கோட்டை)

தாளில் பெயர் உள்ளவர் கையெழுத்திடும் வரை பிள்ளை நிறுவனத்தின் பொறுப்பு. ஊழியர் கூடவே இருப்பார், உங்களுக்குப் போன் வரும். அதனால்தான் விமானம் மேலே ஏறும் வரை விமான நிலையத்திலேயே இருக்கச் சொல்கிறோம். கதவு மூடிய பிறகும் கோளாறு என்று திரும்பி வந்த விமானங்கள் உண்டு. அப்போது நீங்கள் தாம்பரம் தாண்டியிருந்தால் பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைய கடைசி விமானத்தில் போடாதீர்கள். காலை விமானம் ரத்தானால் மதியம் ஒன்று இருக்கும், இரவு விமானம் ரத்தானால் மறுநாள்தான்.

மருந்து கொடுக்க மாட்டார்கள். பணிப்பெண் அவ்வப்போது வந்து பார்ப்பார், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கமாட்டார். இன்ஹேலரைத் தானே எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தால் அனுப்புங்கள். அது கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட வேண்டாம். மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றைக் கழுத்தில் மாட்டும் உறையில் வையுங்கள்.